புதன்கிழமைக் கெடு

தான் சிபாரிசு செய்த ஆள் தன்னைவிட ஒரு படி மேலே வந்து உட்காரப் போகிறாள் என்பது பெய்ஷானுக்கு ஒரு மதியச் சாப்பாட்டின்போதுதான் தெரியவந்தது. சொன்னவர் அவளுடைய மேலாளர் த்ஸாய். அதை அவர் ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார். ரூயியின் நேர்காணல் பிரமாதமாக இருந்தது என்றும், ஆள் கிடைக்காமல் காலியாகவே கிடக்கும் முதன்மைப் பொறியாளர் இடத்துக்கு அவளையே எடுத்துவிடலாம் என்று தோன்றுவதாகவும் சொல்லிவிட்டு, நல்ல ஆளைக் காட்டினீர்கள் என்று பெய்ஷானுக்கு நன்றி வேறு சொன்னார். பெய்ஷான் சிரித்தாள். தட்டிலிருந்த கீரையைக் கடைசிவரை மென்று விழுங்கினாள்.

ஷின்ஜூ நகரத்தின் அறிவியல் பூங்காவில், காது கேளாதோர் அணியும் கருவிகளுக்கு சிப் வடிவமைக்கும் அந்த நிறுவனத்தில் அவள் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அதில் பாதிக்கு மேல் மூத்த பொறியாளர் என்ற ஒரே படியில். போன ஆண்டு மதிப்பீட்டின்போது, இந்தமுறை மேல்படிக்கு இடம் இல்லை, அடுத்தமுறை பார்க்கலாம் என்று த்ஸாய் சொல்லியிருந்தார். இடம் இல்லை என்றால் இடம் இல்லை என்றே அவள் நம்பினாள். அப்போதும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கிறது, அவளுக்குத்தான் இல்லை என்பது இப்போது புரிந்தது.

ரூயி வேறு யாரோ அல்ல. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பெய்ஷானுக்கு ஒரு வருடம் இளையவள். மேல்வகுப்பில் படித்தவளை அக்கா என்று அழைப்பது அங்கே வழக்கம். படிப்பு முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ரூயி அவளை அக்கா என்றே அழைத்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். அவளுக்கு முதல் மின்சுற்று வரையக் கற்றுக்கொடுத்தவள் பெய்ஷான். அதே மின்சுற்றை அடுத்த பருவத்தில் பாதி மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிக் காட்டியவள் ரூயி. பேராசிரியர் எல்லோர் முன்னாலும் ரூயியைப் பாராட்டியபோது, "எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்ததுதான்" என்று அவள் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். பெய்ஷானை அதுதான் இன்னும் குத்தியது. வஞ்சகம் இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். ரூயியிடம் வெறுக்க ஒன்றும் அகப்படாது.

ரூயி தன் பழைய கம்பெனியில் சலித்துப்போய் வேலை தேடுகிறேன் என்று சொன்னபோது, அவள் விவரங்களை ஹெச்.ஆருக்கு அனுப்பியவள் பெய்ஷானேதான். தன் குழுவில், தனக்குச் சமமாக, அல்லது கொஞ்சம் கீழாக வருவாள் என்றுதான் நினைத்திருந்தாள். கூடவே இருந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. அது பொய்யான எண்ணமும் அல்ல.

பக்கத்து மேசை வெய்ஜே எப்படியோ விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டான். எல்லோருக்குமாகச் சேர்த்து, ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்துத்தேநீர் வாங்கும்போது அவள் கோப்பையை நீட்டியபடியே, "இனிமே லீவு வேணும்னா உன் தங்கச்சிகிட்டதான் கையெழுத்து வாங்கணும் போலயே. இப்பவே கொஞ்சம் பணிஞ்சு பேசிப் பழகிக்கோ" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெய்ஷானும் கூடச் சிரித்துவைத்தாள். அன்று மதியத்துக்கு மேல் அவளால் ஒரு வரிகூட ஒழுங்காக வேலை பார்க்க முடியவில்லை.

இதெல்லாம் நடந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஓடிவிட்டது. நிறுவனத்திடமிருந்து ரூயிக்குச் செய்தி எதுவும் போகவில்லை. துறைத்தலைவர் நேர்காணல் ஒன்று பாக்கி. அவர் வாடிக்கையாளர்களைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். அதற்கப்புறம் பதவிப் படியையும் சம்பளத்தையும் ஒரு குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழு ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன்தான் கூடும். யாரும் வேண்டுமென்றே தாமதப்படுத்தவில்லை, யாரும் அவசரப்படவுமில்லை. அவ்வளவுதான். அந்த மௌனம் நீள நீளப் பெய்ஷானுக்குள் ஒரு சின்ன நிம்மதி வளர்ந்தது. இப்படியே ஆறிப்போய்விட்டால் யார்மீதும் பழி இல்லை.

அப்போதுதான் ஒரு வியாழக்கிழமை ரூயியிடமிருந்து செய்தி வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜூபேயில் உள்ள ஒரு கம்பெனி அவளுக்கு ஆஃபர் கடிதம் அனுப்பிவிட்டது. அடுத்த புதன்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். என்ன செய்வது என்று தெரியவில்லை, சாயங்காலம் பார்க்கலாமா அக்கா என்று கேட்டிருந்தாள்.

கோயில் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தார்கள். பன்றிக்கறி உருண்டை சூப்பும், வறுத்த அரிசி நூடுல்ஸும் சொன்னார்கள். வெளியே ஷின்ஜூவின் காற்று கடையின் பிளாஸ்டிக் திரையை அடித்துக்கொண்டே இருந்தது. ரூயி சாப்பிடாமல் பேசினாள். ஜூபே கம்பெனி கார்களுக்குள் இருக்கும் திரைகளுக்கு சிப் செய்கிறது. சம்பளம் நல்ல சம்பளம். புதிதாகத் தொடங்கும் கார்த்திரை வேலையைப் பற்றி அவர்கள் சொன்னபோது கொஞ்சம் ஆசைகூட வந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன் என்றாள். ஆனாலும் மனம் முழுக்கப் பெய்ஷானின் நிறுவனத்தில்தான் இருந்தது. அவளுடைய தம்பிக்கு ஒரு காது சின்ன வயதிலிருந்தே கேட்காது. அந்தக் கருவிக்குள் இருக்கும் சிப்பைத் தானே செய்ய வேண்டும் என்பது அவளுடைய பழைய எண்ணம்.

கேட்க வந்ததைக் கடைசியில் கேட்டாள்.

"அக்கா, ஹெச்.ஆர். கோ மேடத்துக்கு எழுதிடலாமா? இன்னொரு இடத்துல புதன்கிழமை கெடு வெச்சிருக்காங்க, அதுக்குள்ள உங்க முடிவு தெரியுமான்னு. அப்படிக் கேக்கலாம்தானே?"

கேட்கலாம். பெய்ஷானுக்கு அது நன்றாகத் தெரியும். வேலை தேடுகிற எல்லோரும் கேட்பதுதான். ஆளெடுக்கிறவர்களும் தெரிந்துகொள்ளவே விரும்புவார்கள், கடைசி நாளில் தெரிந்து என்ன பயன்? நாளைக் காலையிலேயே எழுது, இன்றைக்கே எழுது என்பதுதான் ஓர் அக்கா சொல்ல வேண்டியது.

பெய்ஷான் சூப்பை ஒரு கரண்டி குடித்தாள்.

"எழுதாத" என்றாள். "கெடு, கிடுன்னு பேசுனா மிரட்டுற மாதிரி இருக்கும். கோ மேடம் ஒரு மாதிரி. அவசரப்படுத்துனா அவங்களுக்குப் பிடிக்காது. நம்ம டிபார்ட்மெண்ட் தலைவரும் அப்படித்தான். வேணும்னா போய்க்கோன்னு விட்டுருவாங்க. பேசாம இரு, தானா வரும்."

"வரலன்னா?"

"வரலன்னா ஜூபே இருக்குல்ல."

ரூயி தலையாட்டினாள். அவள் முகம் வாடியதைப் பெய்ஷான் பார்த்தாள். தான் சொன்னது தனக்கே ஒரு நியாயமான யோசனைபோல ஒலித்ததை அவள் கவனித்தாள். வாக்கியங்கள் அவ்வளவு பொருத்தமாக வந்து விழுந்திருந்தன. காசை அவளே கொடுத்தாள். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரூயியின் வாடிய முகமே அவள் கண்முன் வந்துகொண்டிருந்தது. அதற்குக் குற்ற உணர்ச்சி என்று பெயர் வைக்க அவள் தயாராக இல்லை. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோ மேடத்தோடு அவள் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதுகூட இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறும் போயின. ரூயி ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தன்னிடம் சொல்லியிருப்பாள் என்று பெய்ஷான் கணக்குப் போட்டாள். இன்னும் கொஞ்சம்தான். ரூயி ஜூபேயில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நல்ல வேலை, நல்ல சம்பளம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

திங்கள் காலை பத்து மணிவாக்கில் செய்தி வந்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னதையும் மீறி எழுதிட்டேன். கேக்காம விட்டுட்டா வாழ்க்கை பூரா, கேட்டிருக்கலாமேன்னு தோணும். உங்க பேரை எதுலயும் இழுக்கல."

கோவுக்கு எழுதிய மின்னஞ்சலையும் கீழே ஒட்டியிருந்தாள். பெய்ஷான் அதை இரண்டு முறை படித்தாள். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எழுத்து மூலமாக ஓர் ஆஃபர் கிடைத்திருக்கிறது, புதன் மாலைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் என் விருப்பம் உங்கள் நிறுவனம்தான், காரணம் இந்த வேலையேதான். அதற்குள் மீதியிருக்கும் நேர்காணலை முடிக்க ஏதாவது வழி இருந்தால் எந்த நேரமானாலும் வருகிறேன். முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன். இவ்வளவுதான் எழுதியிருந்தாள். சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்படி எழுதத் தனக்கு வராது என்று பெய்ஷானுக்குத் தோன்றியது.

ரூயியிடமிருந்து அடுத்தடுத்து வந்த செய்திகளின்படி, கோ உடனே தொலைபேசியில் பேசிவிட்டாராம். முடிவு என்ன என்று வாக்குத் தர முடியாது, ஆனால் புதன்கிழமைக்குள் ஏதாவது ஒரு பதில் உனக்கு வர வைக்கிறேன் என்றாராம். ஜூபேக்காரர்களிடம் இரண்டு நாள் தள்ளித் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னாராம். ரூயி கேட்டாள். அவர்கள் மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள். சேருகிறவர்களை வைத்துத்தான் வேலையைப் பிரிக்கிறோம், புதன் என்றால் புதன்தான் என்றார்கள். அதைக் கேட்ட கோ, சம்பளச் சீட்டுகளை இப்போதே அனுப்பிவிடு, நேர்காணல் நடக்கும்போதே சம்பள வேலையையும் ஒரு பக்கம் ஓட்டிவிடலாம், அதுவரை அங்கே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதே, எங்கள் கடிதம் கையில் வந்தால்தான் வந்த மாதிரி என்றும் எச்சரித்தாராம்.

இதில் எதுவும் பெய்ஷான் வரைந்து காட்டிய கோவாக இல்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தளத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் கவிழ்ந்து தூங்கும் நேரம். பெய்ஷானுக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. கோதான். காலில் வீட்டுச் செருப்பு, கையில் திறந்த மடிக்கணினியோடு த்ஸாயின் மேசைப் பக்கம் குனிந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். குட்டையான உருவம், நரை ஓடிய தலை. அவர்கள் இருவரும் எழுந்து சின்ன அறைக்குள் போனார்கள். சிறிது நேரத்தில் த்ஸாய் மட்டும் வெளியே வந்து, பெய்ஷான் விழித்திருப்பதைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள். துறைத்தலைவரை அமெரிக்காவில் பிடித்து, நாளைக் காலை வீடியோவில் நேர்காணல் வைக்க வேண்டும் என்று கோ கேட்கிறார். அவருக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம், வாடிக்கையாளரோடு இருப்பார். வியாழக்கிழமைக் குழுவையும் கூட்டாமல் ஆளாளுக்குக் கணினியிலேயே ஒப்புதல் வாங்க வேண்டும். இவ்வளவு பேரை நெட்டித் தள்ளிவிட்டுக் கடைசியில் அந்தப் பெண் வரவில்லை என்றால் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று த்ஸாய் கவலைப்பட்டார்.

"உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்" என்றார். "நாம குடுத்தா கண்டிப்பா வருவாங்களா? இல்ல, நம்ம லெட்டரைக் காட்டி அங்க விலையை ஏத்திக்கிற கதையா?"

ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது. வருவாள். அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ரூயியின் தம்பியைப் பற்றிச் சொல்லலாம். அன்று கடையில் சாப்பிடாமல் அவள் பேசிய பேச்சைச் சொல்லலாம். பெய்ஷான் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்தாள். வெய்ஜேயின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. 'எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்ததுதான்' என்ற அந்தப் பழைய குரலும் வந்தது.

"அப்படி உறுதியா என்னால சொல்ல முடியல" என்றாள். "அங்க கார் ஸ்கிரீன் வேலை ஒண்ணு புதுசா ஆரம்பிக்கிறாங்களாம். அது மேல அவளுக்கு ஆசை இருக்கு."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. த்ஸாயின் முகம் விழுந்ததை அவள் பார்த்தாள். அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அறைக்குத் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கையை விரிப்பது தெரிந்தது. தலைவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், வழக்கமான வழியிலேயே போகட்டும், கிடைத்தால் கிடைக்கட்டும். பெய்ஷானால் அந்தக் கைகளிலிருந்தே அதைப் படிக்க முடிந்தது. விளக்குகள் எரிந்தன. எல்லோரும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் ஒருநாளும் சொல்லப் போவதில்லை.

ஆனால் கோ இந்த வேலையில் பழுத்தவர். யாரோ சொன்னதை வைத்து ஓர் ஆளைக் கைவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வருவாரா என்று தெரிய வேண்டுமானால் வரப்போகிறவரைத்தானே கேட்க வேண்டும் என்று த்ஸாயிடம் சொல்லிவிட்டு, அந்த அறையிலிருந்தே ரூயியைக் கூப்பிட்டார். என்ன பேசினார் என்பது பெய்ஷானுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒளிவுமறைவில்லாமல் கேட்டிருக்கிறார்: ஜூபேயின் கார்த்திரை வேலையில் உனக்கு ஆசை என்று ஒரு பேச்சு இங்கே வந்திருக்கிறது, உனக்காகப் பல பேரை நான் எழுப்ப வேண்டியிருக்கிறது, பேசிய பதவியும் வேலையும் கிடைத்தால் வருவாயா மாட்டாயா? ரூயி, ஆசை வந்தது உண்மைதான், ஆனாலும் நீங்கள் அந்த வேலையைக் கொடுத்தால் புதன்கிழமையே கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறாள். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கோவும் சொல்லவில்லை.

செவ்வாய் காலை வீடியோ நேர்காணல் நடந்தது. துறைத்தலைவர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பேசினார் என்றும், குறித்த நேரத்தைத் தாண்டியும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார் என்றும் வெய்ஜேதான் வந்து சொன்னான். புதன்கிழமை காலை முழுவதும் கோ மாடிக்கு மாடி ஏறி இறங்கினார். ஒப்புதல் தரவேண்டியவர்களில் ஒருவர் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரமுள்ளவரைத் தேடிப் பிடிக்க மதியம் ஆகிவிட்டது. பெய்ஷான் தலையைத் தூக்காமலே அந்தச் செருப்புச் சத்தத்தை ஒவ்வொரு முறையும் கேட்டாள். எந்த இடத்திலாவது அது தடுக்கி நிற்காதா என்று காத்திருந்தாள். எட்டு வருடத்தில் எனக்காக ஒருவர்கூட இப்படி ஒரு மாடி ஏறியதில்லையே என்று நினைத்தபோது கண் கலங்கியது. ரூயி கேட்டாள், அதனால் ஏறினார்கள் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் ஏறுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

மூன்று மணிக்கு மேல் ரூயியிடமிருந்து அழைப்பு வந்தது. பெய்ஷான் அவசரப் படிக்கட்டுப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

ரூயியின் குரல் அமைதியாக இருந்தது. இரண்டு கடிதமும் இப்போது கையில் இருப்பதாகச் சொன்னாள். வாழ்த்துகள் என்றாள் பெய்ஷான்.

"அக்கா, கார் ஸ்கிரீன் விஷயத்தை நான் உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

படிக்கட்டில் காற்று ஊளையிட்டது. ஏதோ பேச்சுவாக்கில் வந்துவிட்டது, த்ஸாய் கேட்டார், நானும் யதார்த்தமாகச் சொல்லிவிட்டேன் என்று பெய்ஷானால் சொல்லியிருக்க முடியும். அந்த வாக்கியங்களும் பொருத்தமாக நாக்கு நுனியில் வந்து நின்றன. சொன்னால் ரூயி நம்பியும் இருப்பாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"எழுதாதன்னு சொன்னதும் அதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் அங்க வர்றது உங்களுக்குப் பிடிக்கலையா? நேராச் சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு."

"பிடிக்கல" என்றாள் பெய்ஷான். குரல் உடைந்து வந்தது. "வராத ரூயி. நான் அஞ்சு வருஷமா எட்டிப்பிடிக்கப் பாத்துட்டு இருக்கிற இடத்துல நீ வந்து உக்காந்தா, தினமும் காலைல உன் மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது. நீ நல்லவதான். அது இன்னும் மோசம்."

கீழே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது.

"இதை அன்னைக்குச் சூப் கடையில சொல்லியிருந்தா, நான் சத்தியமா ஜூபேக்கே போயிருப்பேன், அக்கா" என்றாள் ரூயி. "இப்ப அந்தம்மாவுக்கு வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உங்களுக்காக அதை மீற எனக்கு மனசு வரல."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. பெய்ஷான் படியில் உட்கார்ந்தாள். ரூயி சற்று நேரத்திலேயே கையெழுத்திட்டுவிட்டாள் என்பதை, த்ஸாய் தளத்தின் நடுவில் நின்று கைதட்டி அறிவித்ததிலிருந்து தெரிந்துகொண்டாள். தளமே கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

ரூயி பழைய இடத்தில் முன்னறிவிப்புக் காலம் முடித்து வர ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுக்க, வரப்போகும் முதல் காலையைப் பெய்ஷான் மனதுக்குள் பலவிதமாக நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் ரூயி பாராமுகமாகப் போனாள். இன்னொன்றில் எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். எதிலும் பெய்ஷானுக்கு நல்ல முடிவு கிடைக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஜூபே கம்பெனியின் ஆளெடுக்கும் பெண் பேசினாள். ரூயி ஆஃபரை மறுத்து எழுதியபோது, இதே வேலையை என்னைவிட நிதானமாகச் செய்யக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று உங்களைப் பற்றி எழுதியிருந்தார், பேசிப் பார்க்க விருப்பமா என்று கேட்டாள். முதன்மைப் பொறியாளர் இடம்தான்.

பெய்ஷானுக்கு முதலில் வந்தது நன்றி அல்ல, கோபம். அவள் வேண்டாம் என்று தள்ளிய எச்சில் தட்டு எனக்கா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நேரே ரூயிக்குப் போன் அடித்தாள். என்னை இங்கிருந்து கிளப்பத்தானே இதைச் செய்தாய் என்று கேட்டாள்.

ரூயி மறைக்கவில்லை. பாதி அதுதான் என்றாள். நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதல்ல. ஆனால் அங்கே எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உங்களுக்கு மின்சுற்று வரையத் தெரிந்த அளவு எனக்கு இன்றைக்கும் தெரியாது, நான் அதன் மின்செலவைச் சுருக்கத்தான் கற்றேன். போவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், வேறெதையும் இனி நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பேசிவிட்டு வைத்துவிட்டாள். அக்கா என்ற சொல் அந்தப் பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை.

இரண்டு நாள் பெய்ஷான் பிடிவாதமாக இருந்தாள். மூன்றாம் நாள் த்ஸாயின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். போன ஆண்டு இடம் இல்லை என்று சொன்னபோது இடம் இருந்ததா என்று கேட்டாள். த்ஸாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருந்தது, ஆனால் வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்காக வைத்திருந்தது, நீங்கள் கேட்டிருந்தால் மேலே பேசிப் பார்த்திருப்பேன், ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள், திருப்தியாகத்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார். அதில் எவ்வளவு உண்மை என்று அவளால் அளக்க முடியவில்லை. தப்பித்துக்கொள்ளச் சொன்னதாகவும் இருக்கலாம். அன்று மாலையே ஜூபேக்குத் தொலைபேசி செய்து, பேச வருகிறேன் என்றாள்.

அங்கே மூன்று நேர்காணல் நடந்தது. கார்த்திரை வேலையை அவர்கள் விளக்கியபோது, ரூயிக்கு ஏன் ஆசை வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. ஆஃபர் வந்தது. ரூயி புது இடத்தில் சேர்ந்த வாரம் பெய்ஷான் ராஜினாமா கொடுத்தாள். இருவரும் ஒரே தளத்தில் சில வாரங்கள் இருந்தார்கள். கூட்டங்களில் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டார்கள். பெய்ஷான் தன் வேலை முழுவதையும் ரூயியிடமே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. எதையும் ஒளிக்காமல், எந்த இடத்தில் எந்தச் சுற்று மக்கர் பண்ணும் என்பது உட்பட, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள். ரூயி குறித்துக்கொண்டாள். கடைசி நாளில் இருவரும் வெளியே போய்ச் சாப்பிடவில்லை.

ஜூபேயில் பெய்ஷான் நன்றாகவே இருக்கிறாள். அவளுக்குக் கீழே ஐந்து பேர். யாராவது இன்னோர் இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, கெடு வைத்திருக்கிறார்கள் என்று நேர்காணலுக்குப் பின் எழுதினால், அந்தக் கடிதத்தை அவள் கிடப்பில் போட விடுவதில்லை. இரண்டு வருடம் கழித்து, ரூயியின் சிப் வைத்த காதுக்கருவி சந்தைக்கு வந்த செய்தியை மதியச் சாப்பாட்டின்போது கைபேசியில் பார்த்தாள். படத்தில் ரூயி இளைத்திருந்தாள், தலைமுடியை வெட்டியிருந்தாள். பெய்ஷானுக்கு அந்தப் பழைய பொறாமை திரும்ப வந்தது. குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தாள், குறையவில்லை. ஆனாலும், தம்பி அதைப் போட்டுப் பார்த்தானா என்று ரூயிக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. போட்டுப் பார்த்தானாம், அக்கம்பக்கத்து நாய்கள் இவ்வளவு குரைக்குமா என்று கேட்டானாம்.